போனுக்கு எட்டாத இடத்தில் சேமிப்பு: போலி முதலீட்டுச் செயலிகளிடமிருந்து காசைக் காப்பாற்றும் வழி

கொக்குவிலில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர் ஒரு போலி முதலீட்டுச் செயலியில் ஏழு இலட்சத்துக்கு மேல் இழந்தார். நான் பல வருடம் வங்கிக் கவுண்டரில் வேலை செய்தவன் என்பதால் என்னிடம் வந்தார். அவருடைய போனையும் வங்கிக் கூற்றையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, திகதி திகதியாக இருவரும் பார்த்தோம். யாரும் அவருடைய கணக்கை உடைத்து உள்ளே வரவில்லை. மூன்று தடவையும் காசை அனுப்பியது அவருடைய கைதான். அதனால்தான் இந்தக் கட்டுரையில் கடவுச்சொல்லைப் பற்றிக் குறைவாகவும், காசை எங்கே, எப்படி வைப்பது என்பதைப் பற்றிக் கூடுதலாகவும் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். தொகைகள் அப்படியே இருக்கின்றன.

நடந்தது

ரொறன்ரோவில் இருக்கும் அவருடைய சித்தியின் மகளிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. அதே எண், அதே படம். "அக்கா, நான் இதில கொஞ்சம் போட்டனான், நல்லா வருது, நீங்களும் பாருங்கோ" என்று ஒரு ஸ்கிரீன்ஷொட்டும் ஒரு லிங்க்கும். லிங்க்கை அழுத்தியதும் ஒரு குழுவில் சேர்த்தார்கள். அதில் நூறு பேருக்கு மேல். காலையில் ஒருவர் "இன்று 40,000 எடுத்தேன்" என்பார், மற்றவர்கள் வாழ்த்துவார்கள். அந்த நூறு பேரில் பெரும்பாலானவை மோசடிக்காரர்களே வைத்திருக்கும் எண்கள். ரீச்சரைப் போல உண்மையான ஆட்கள் அதில் ஒரு சிலர்தான் இருந்திருப்பார்கள்.

செயலி பிளே ஸ்டோரில் இல்லை. குழுவில் போட்ட `.apk` கோப்பை இறக்கச் சொன்னார்கள். போன் எச்சரித்தபோது "அப்படித்தான் கேட்கும், ஓம் என்று கொடுங்கள்" என்று குழுவின் பொறுப்பாளர் எழுதியிருக்கிறார்.

முதல் நாள் 25,000 ரூபா. அதை அனுப்பச் சொன்ன கணக்கு ஒரு தனி ஆளின் பெயரில் இருந்தது. அடுத்த நாள் செயலி 31,500 என்று காட்டியது. ஒரே நாளில் 26 வீதம்! நிலையான வைப்பு ஒரு வருடம் முழுக்கத் தரும் வட்டியை விட அது பல மடங்கு. ரீச்சர் சந்தேகப்படாமல் இல்லை. 5,000 ரூபாவை எடுத்துப் பார்த்தார். அது உண்மையாகவே அவருடைய வங்கிக் கணக்குக்கு வந்தது. அந்த இடத்தில்தான் அவர் நம்பினார்.

அந்த 5,000 எங்கிருந்து வந்தது என்று கூற்றில் பார்த்தோம். இன்னொரு தனி ஆளின் கணக்கிலிருந்து. வேறு யாரோ ஏமாந்து போட்ட காசாக இருக்கலாம், அல்லது அவருடைய 25,000 ரூபாவிலேயே ஒரு பகுதியாக இருக்கலாம். சிறு தொகை திரும்பி வருவது ஒரு செயலி உண்மையானது என்பதற்குச் சான்றே இல்லை. தூண்டிலில் புழு வைக்கிற மாதிரி, அது அவர்களுடைய செலவுக் கணக்கில் ஏற்கெனவே எழுதப்பட்ட தொகை. "கொஞ்சம் எடுத்துப் பார்த்து நம்பலாம்" என்று நினைக்கிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

பிறகு 2,00,000 அனுப்பினார். அதற்குப் பிறகு 5,00,000. செயலி 11,40,000 என்று காட்டியது. மகளின் வீட்டு வேலைக்கு எடுக்கலாம் என்று அழுத்தியபோது, "15 வீத வரியை முன்கூட்டியே கட்டினால்தான் விடுவிக்கலாம்" என்று வந்தது. அதாவது 1,71,000. அதற்காக நிலையான வைப்பை முறிக்க வங்கிக்குப் போனார். கவுண்டரில் இருந்த பிள்ளை "என்ன தேவைக்கு ரீச்சர்?" என்று மரியாதையோடு கேட்டதால்தான் அது அங்கே நின்றது.

அந்த இடத்தில் எதைப் பார்த்திருக்கலாம்

காசு எந்தப் பெயருக்குப் போகிறது என்பதுதான் முதல் அடையாளம். பங்கு வாங்கக் கொடுக்கும் காசு உரிமம் பெற்ற பங்குத் தரகு நிறுவனத்தின் கணக்குக்குப் போகும். வைப்பு என்றால் வங்கிக்கோ, உரிமம் பெற்ற நிதிக் கம்பனிக்கோ போகும். தனி ஆளின் பெயருக்குப் போகாது. இதைச் சொன்னால் யாழ்ப்பாணத்தில் பலர் பெரிதாக எடுப்பதில்லை. காரணம் எனக்கு விளங்குகிறது. வெளிநாட்டுக் காசு உண்டியலில் வந்து பழகிய வீடுகள் இங்கே நிறைய. பிள்ளை பாரிஸில் கொடுப்பான், இங்கே முன்பின் தெரியாத ஒருவருடைய கணக்கிலிருந்து காசு வந்து விழும். யாரென்று கேட்காமல் வாங்கி வாங்கிப் பழகிவிட்டோம். தெரியாத பெயர் ஒன்றைக் கண்டால் வர வேண்டிய திடுக்கிடல் எங்களுக்கு வருவதில்லை. மோசடிக்காரனுக்கு அது பெரிய வசதி. ரீச்சரும் இதையேதான் சொன்னார்: "தம்பி, மூன்று தரமும் மூன்று பேர். உண்டியல்காரரும் அப்பிடித்தானே எண்டு நினைச்சன்."

இரண்டாவது அடையாளம் முன்கூட்டிக் கேட்கும் வரி. வைப்பின் வட்டிக்கு இலங்கையில் முற்பண வருமான வரி உண்டு. ஆனால் அதை வங்கியே வட்டியிலிருந்து பிடித்துக்கொண்டு மீதியைத்தான் உங்கள் கணக்கில் போடும். உங்கள் காசை உங்களுக்குத் தர, கையிலிருந்து வேறு காசு கொண்டுவரச் சொல்லும் வரி எதுவும் இல்லை. 11,40,000 உண்மையில் இருந்திருந்தால் 1,71,000 ரூபாவை அதிலேயே கழித்திருக்கலாம். செயலியில் தெரிந்தது வெறும் எழுத்து. அதில் கழிப்பதற்கு எதுவும் இருக்கவில்லை.

சரி, ஒரு முதலீட்டைப் பற்றி யாராவது சொன்னால் எப்படிச் சரிபார்ப்பது? வைப்பு எடுக்கும் நிறுவனம் என்றால் மத்திய வங்கியின் `cbsl.gov.lk` தளத்தில் உரிமம் பெற்ற வங்கிகளினதும் நிதிக் கம்பனிகளினதும் பட்டியல் இருக்கிறது. பங்கு, அலகு நம்பிக்கை நிதி போன்றவை என்றால் பிணையங்கள் ஆணைக்குழுவின் `sec.gov.lk` தளத்தில் பாருங்கள். பெயர் பட்டியலில் இல்லையென்றால் அதோடு முடிந்தது. பெயர் இருந்தால் மட்டும் போதாது, ஏனென்றால் போலிச் செயலிகள் உண்மையான நிறுவனங்களின் பெயரையும் சின்னத்தையும் எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. அந்தப் பட்டியலில் இருக்கும் தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து, "இந்தச் செயலி உங்களுடையதா, இந்தக் கணக்கு இலக்கம் உங்களுடையதா" என்று கேளுங்கள். குழுவில் தந்த எண்ணுக்கு அழைத்தால் குழுவில் இருப்பவர்தான் எடுப்பார்.

இலங்கையில் கொழும்பு பங்குச் சந்தையில் பங்கு வாங்க, மத்திய வைப்பு முறைமையில் உங்கள் சொந்தப் பெயரில் கணக்கு ஒன்று இருக்க வேண்டும். அப்படி ஒரு கணக்கே திறக்காமல் "உங்களுக்குப் பங்கு வாங்கியிருக்கிறோம்" என்று யாராவது சொன்னால் பங்கு எதுவும் வாங்கப்படவில்லை.

செய்ய வேண்டிய முதல் வேலை: காசைப் பிரித்து வைப்பது

இதுதான் இந்தக் கட்டுரையில் நான் ஆகக் கூடுதலாக நம்பும் பகுதி. எவ்வளவு கவனமானவருக்கும் ஒரு நாள் களைப்பாக இருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், பதற்றத்தில் ஒரு லிங்க்கை அழுத்துவார். அந்த நாளில் போனுக்குள் எவ்வளவு காசு எட்டுகிறதோ, அவ்வளவுதான் போகும். ஆகவே பெரிய காசைப் போன் தொடாத இடத்தில் வைக்க வேண்டும்.

இரண்டு கணக்கு வையுங்கள். ஒன்று நடமாடும் கணக்கு. அதற்கு அட்டையும் இணைய வங்கியும் இருக்கட்டும். மாதச் செலவுக்கு வேண்டிய அளவு மட்டும் அதில் இருக்க வேண்டும். மற்றது சேமிப்பு. அதற்கு அட்டை வேண்டாம், இணைய வங்கி வேண்டாம், புத்தகம் போதும். பெரிய தொகை எடுக்க ஆஸ்பத்திரி வீதிவரை போய் வரிசையில் நிற்க வேண்டியிருப்பது சிரமம்தான். அந்தச் சிரமத்துக்குள்தான் ஒரு இரவு யோசிக்க நேரம் கிடைக்கிறது, கவுண்டரில் ஒருவர் "என்ன தேவைக்கு" என்று கேட்கவும் முடிகிறது.

இதில் பலர் தவறும் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே வங்கியில் இரண்டாவது கணக்குத் திறந்தால், பல வங்கிகளின் செயலியில் அதுவும் தானாகவே தெரியும், ஏனென்றால் உங்கள் அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் எல்லாக் கணக்கும் ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். செயலிக்குள் புகுந்தவர் இரண்டையும் காலி பண்ணலாம். சில வங்கிகளில் நிலையான வைப்பைக்கூட செயலியிலேயே முறிக்கலாம், அதன்மேல் கடனும் எடுக்கலாம். அதனால் கிளைக்குப் போய் மூன்று விடயங்களைக் கேளுங்கள். இந்தச் சேமிப்பு என்னுடைய செயலியில் தெரியுமா? வைப்பை இணையத்தில் முறிக்கவோ கடன் எடுக்கவோ முடியுமா? முடியுமென்றால் அதை நிறுத்தி வைக்க எழுத்தில் தர வேண்டுமா? வங்கி அதற்கு இடம் தராவிட்டால் சேமிப்பை வேறொரு வங்கியில் வைப்பதுதான் நல்லது.

பிறகு நடமாடும் கணக்கின் நாளாந்த அனுப்பும் எல்லையைக் குறையுங்கள். பெரும்பாலும் செயலியிலேயே மாற்றலாம், இல்லாவிட்டால் கிளையில். மாதம் 80,000 செலவழிக்கும் வீட்டுக்கு ஒரு நாளில் பத்து இலட்சம் அனுப்பும் எல்லை எதற்கு? 50,000 போதும். ரீச்சருடைய எல்லை அப்படி இருந்திருந்தால் அந்த ஐந்து இலட்சத்தை அனுப்பப் பத்து நாள் ஆகியிருக்கும்.

இரண்டு கணக்குக்கும் குறுஞ்செய்தி அறிவித்தலைப் போடுங்கள். அது வரும் சிம் உங்கள் சொந்தப் பெயரில் இருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மகன் வெளிநாடு போகமுன் வாங்கிய சிம்மை அம்மா பாவிப்பது சாதாரணம். போன் தொலைந்தால் அந்த எண்ணை நிறுத்தவோ திரும்ப எடுக்கவோ அம்மாவால் முடியாது. அடையாள அட்டையோடு தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குப் போய் பெயரை மாற்றிவிடுங்கள்.

வைப்புக் காப்புறுதி இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். உரிமம் பெற்ற ஒரு வங்கியோ நிதிக் கம்பனியோ விழுந்தால், ஒரு வைப்பாளருக்கு ஒரு நிறுவனத்தில் 11,00,000 ரூபாவரை கொடுப்பதுதான் அந்தத் திட்டம். நீங்களே அனுப்பிய காசுக்கு அது எதுவும் தராது.

வாட்ஸ்அப்பைப் பூட்டுவது

ரொறன்ரோ தங்கைக்கு என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. ஊர்ச் சங்கத்தின் இணையக் கூட்டத்தில் சேர்ப்பதாகச் சொல்லி, தெரிந்த ஒருவருடைய எண்ணிலிருந்தே செய்தி வந்திருக்கிறது. "உங்களுக்கு ஆறு இலக்கம் வரும், அதைச் சொல்லுங்கோ." அந்த ஆறு இலக்கம் கூட்டத்துக்கானது இல்லை. அவருடைய எண்ணை வேறொரு போனில் வாட்ஸ்அப்பாகப் பதிவதற்கு வாட்ஸ்அப் அனுப்பும் இலக்கம் அது. சொன்ன நிமிடமே கணக்கு கைமாறியது. அந்தத் தெரிந்தவருடைய கணக்கும் முன்னரே அப்படிக் கைமாறியதுதான். இப்படிச் சங்கிலியாகப் போகிறது.

இதற்கு மருந்து இரண்டு நிமிட வேலை. வாட்ஸ்அப்பில் `Settings`, பிறகு `Account`, பிறகு `Two-step verification` என்று போய், நீங்கள் தெரிவு செய்யும் ஆறு இலக்கம் ஒன்றைப் போடுங்கள். பிறந்த திகதி வேண்டாம். மின்னஞ்சல் கேட்டால் கொடுங்கள், மறந்தால் அதுதான் உதவும். இனி யாருக்காவது குறுஞ்செய்தி இலக்கத்தைச் சொல்லிவிட்டாலும் இந்த இரண்டாவது இலக்கம் இல்லாமல் உள்ளே வர முடியாது. அப்படியே `Linked devices` என்பதையும் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ இருந்தால் அதை வெளியேற்றுங்கள்.

கணக்கு போய்விட்டால் உங்கள் போனில் வாட்ஸ்அப்பில் உங்கள் எண்ணைத் திரும்பப் பதியுங்கள். குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தைப் போட்டதும் மற்றவர் வெளியே தள்ளப்படுவார். அவர் தன்னுடைய இரண்டாவது இலக்கம் ஒன்றைப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக ஏழு நாள் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த ஏழு நாளும் அவராலும் பாவிக்க முடியாது.

உறவினர் காசு கேட்டாலோ முதலீடு என்றாலோ, குரலைக் கேட்டுக் கதைத்த பிறகுதான் எதுவும் செய்வது என்று வீட்டில் முடிவெடுங்கள். வாட்ஸ்அப்பில் அழைக்க வேண்டாம், கைமாறிய கணக்கென்றால் அந்த அழைப்பு திருடனுக்குத்தான் போகும். சாதாரண தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள், அல்லது அதே வீட்டில் இருக்கும் வேறொருவரிடம் கேளுங்கள். ரீச்சர் அன்று தங்கையின் கணவருக்கு ஒரு தடவை எடுத்திருந்தால் முதல் 25,000 கூடப் போயிருக்காது.

லிங்க்கும் செயலியும்

பொதி வந்திருக்கிறது, முகவரி பிழை, சிறு கட்டணம் கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் குறுஞ்செய்திகளைப் பலர் பார்த்திருப்பீர்கள். முகவரியை வாசிக்கத் தெரிந்தால் போதும். இப்படி ஒன்று வந்தது என்று வையுங்கள்:

```
https://slpost.gov.lk.parcel.example/pay
```

முதல் தனிச் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக இருப்பதுதான் தளத்தின் உண்மையான சொந்தக்காரர். இங்கே அது `parcel.example`. முன்னால் ஒட்டியிருக்கும் `slpost.gov.lk` வெறும் வேடம். உண்மையானதில் `gov.lk` என்பதற்குப் பிறகு சாய்கோடு வரும், இல்லாவிட்டால் முகவரி அங்கேயே முடியும். வங்கிக்கு ஒருபோதும் லிங்க் வழியாகப் போகாதீர்கள், செயலியை நீங்களே திறவுங்கள்.

குழுவில் வரும் `.apk` கோப்பு இதைவிட ஆபத்து. அது குறுஞ்செய்திகளை வாசிக்க அனுமதி கேட்டால், வங்கி அனுப்பும் ஒருமுறை இலக்கத்தை நீங்கள் சொல்லாமலே அவர்கள் வாசிக்கலாம். `Accessibility` அனுமதி கேட்டால் உங்கள் திரையில் நடப்பதைப் பார்க்கவும், உங்களுக்குப் பதிலாக அழுத்தவும் முடியும்.

காசு போய்விட்டால்

செஃப்ட்ஸ் முறையில் அனுப்பும் காசு சில விநாடிகளில் மற்ற வங்கியில் சேர்ந்துவிடும். திருப்பி எடுக்கும் பொத்தான் இல்லை. உங்கள் வங்கி, போய்ச் சேர்ந்த வங்கியிடம் "மிச்சம் இருப்பதை நிறுத்தி வையுங்கள்" என்று கேட்கத்தான் முடியும். அதனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் மதிப்பு இருக்கிறது. வெட்கத்தில் இரண்டு நாள் யாருக்கும் சொல்லாமல் இருப்பதுதான் பெரும்பாலும் கடைசிக் காசையும் கொண்டுபோகிறது.

முதலில் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் வங்கி எண்ணுக்கு அழையுங்கள், வேறொரு போனிலிருந்து. இணைய வங்கியையும் அட்டையையும் நிறுத்தச் சொல்லுங்கள். அனுப்பிய நேரம், தொகை, போய்ச் சேர்ந்த கணக்கு இலக்கம் மூன்றையும் சொல்லி, அந்த வங்கிக்கு அறிவிக்கச் சொல்லுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தை எழுதிக்கொள்ளுங்கள். சந்தேகமான செயலி இருக்கும் போனை விமான நிலைக்கு மாற்றுங்கள், ஆனால் எதையும் அழிக்க வேண்டாம். குழுவின் செய்திகள், கணக்கு இலக்கங்கள், செயலியின் திரை எல்லாவற்றையும் படமெடுத்து வைத்த பிறகுதான் போனை முழுதாகத் துடைத்து, வேறொரு சாதனத்திலிருந்து கடவுச்சொற்களை மாற்ற வேண்டும்.

அன்றைக்கே அருகிலுள்ள பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுங்கள். இலங்கை கணினி அவசர பதிலளிப்பு அணியான சேர்ட்டின் 101 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். வங்கி சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைத்தால், எழுத்தில் கொடுத்த பிறகு மத்திய வங்கியின் 1935 என்ற எண் இருக்கிறது.

இளம் பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு ஒரு வார்த்தை. ரீச்சருடைய காசு போன கணக்குகள் இந்த நாட்டு வங்கிகளில், இந்த நாட்டு ஆட்களின் பெயரில் இருந்தன. "உன் கணக்கைக் கொஞ்ச நாள் தா, வருகிற காசுக்குக் கொமிஷன்" என்று கேட்டால் கொடுக்கும் பிள்ளைகளின் கணக்குகள் இப்படித்தான் பயன்படுகின்றன. காசு போனவர் முறைப்பாடு கொடுத்ததும் பொலிஸ் முதலில் வந்து நிற்பது அந்தப் பிள்ளையின் வாசலில். பணம் தூயதாக்கல் தடைச் சட்டம் இலங்கையில் 2006 முதல் இருக்கிறது. தன் அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கைமாற்றும் பிள்ளை அதற்குள் சிக்கலாம் என்று வீட்டில் சொல்லிவையுங்கள்.

ரீச்சர் வங்கியில் நின்ற அன்றே முறைப்பாடு கொடுத்தார். ஐந்து இலட்சம் போன கணக்கில் மிஞ்சியிருந்த 61,000 ரூபாவை மற்ற வங்கி நிறுத்தி வைத்திருக்கிறது, விசாரணை நடக்கிறது. இரண்டு வாரம் கழித்து ஒருவர் ஆங்கிலம் கலந்த தமிழில் அழைத்தார். தான் சட்டத்தரணி என்றும், முழுக் காசையும் மீட்டுத் தரலாம் என்றும், பத்து வீதத்தை முதலில் கட்ட வேண்டும் என்றும் சொன்னார். ஏமாந்தவர்களின் எண்களை இவர்கள் ஒருவருக்கொருவர் விற்பார்கள் என்று முன்னரே ரீச்சருக்குச் சொல்லி வைத்திருந்தேன். அவர் அந்த எண்ணைக் கொப்பியில் எழுதிக்கொண்டு, அடுத்த நாள் முறைப்பாட்டோடு சேர்க்கப் பொலிஸ் நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார்.